நாலு ஆடு குட்டி வீசிவிட்டது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். லேப்புக்கு எதை எடுத்து வைக்க வேண்டும்?

வைப்பாறு_பட்டி | 4 டிசம்பர், இரவு 9.10

சாத்தூர் பக்கம் மானாவாரிக் காடு. கன்னி ஆடு 34 உருப்படி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கிடா சேர்த்த என் ஆடுகள் 15. நவம்பர் 22-இல் ஒன்று குட்டி வீசியது. 27-இல் ஒன்று, டிசம்பர் 1-இல் ஒன்று, நேற்று ஒன்று. நாலும் செத்த குட்டி, மயிர் முளைத்து முழு உருவமாக இருந்தது. தாய் ஆடுகள் இரண்டு நாள் சோர்ந்து நின்றன, அப்புறம் மேயப் போய்விட்டன.

மூன்றாவது ஆட்டில் ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். ‘நெகட்டிவ்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எதற்கு நெகட்டிவ் என்று கேட்டால், ‘புருசெல்லா என்கிற வீச்சு நோய் இல்லை, ரத்தத்தை மட்டும் வைத்து வேறு எதுவும் சொல்ல முடியாது’ என்றார்கள். குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கொண்டு வந்தீர்களா என்று அப்போதுதான் கேட்டார்கள். அதை நாய் தூக்கிப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

செப்டம்பர் 20-இல் எல்லாவற்றுக்கும் ஆல்பெண்டசோல் குடற்புழு மருந்து ஊற்றினேன். அதனால்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதே உறுத்தல். இன்னும் 11 ஆடு சினையாக நிற்கிறது. அடுத்தது வீசினால் நான் எதைப் பிடித்து வைக்க வேண்டும்?

---

கிடாக்காரர் | 4 டிசம்பர், இரவு 9.55

யோசிக்கவே வேண்டாம், புருசெல்லாதான். நாலு மாதத்துக்கு மேல் வரிசையாக வீசினால் வேறு என்ன? மறுபடி ரத்தம் கொடுங்கள், வந்துவிடும். வீசிய நாலையும் கழித்துவிட்டுக் கிடாவையும் மாற்றுங்கள். நான் பத்து வருடமாகச் செய்வது இதுதான். கொடி, குட்டி என்று தூக்கிக்கொண்டு அலைவதெல்லாம் வீண் செலவு.

---

கொல்லிமலை_ஆடு | 4 டிசம்பர், இரவு 10.20

எனக்கும் இதே பிரச்சினை. ஆடு குட்டி போட்டு ஒரு நாள் ஆகிறது, கொடி இன்னும் விழவில்லை. கையால் இழுக்கலாமா?

---

நுண்ணோக்கி | 5 டிசம்பர், காலை 6.15

கொல்லிமலை, உங்களுடையது வேறு விஷயம். இழுக்காதீர்கள், கர்ப்பப்பை கிழிந்துவிடும். ஒரு நாள் தாண்டிவிட்டதால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊருக்கு வண்டி வர வேண்டுமென்றால் 1962-ஐ அழையுங்கள்.

வைப்பாறு தம்பி, கால்நடை ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் எங்களிடம் வந்தது ஒரு குப்பி ரத்தமும் ‘ஆடு வீசிவிட்டது’ என்ற ஒரு வரியும்தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாமல் திருப்பி அனுப்பிய நாட்கள் நிறைய. அதனால் முதலில் கொஞ்சம் கேள்விகள்.

கிடாவை எந்தத் தேதியில் சேர்த்தீர்கள்? வீசியவை தலைச்சனா, ஏற்கெனவே ஈன்றவையா? வீசுவதற்கு முன் கழிச்சல், வாய்ப்புண், காய்ச்சல் ஏதாவது? ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டது எப்போது? இந்த ஆறு மாதத்தில் வெளியிலிருந்து ஆடு வந்ததா? தீவனம் வைக்கிற இடத்தில் பூனை குட்டி போட்டிருக்கிறதா? இந்த நான்குக்கு முன் வேறு எந்த ஆடாவது, எப்போதாவது வீசியதா?

இன்னொன்று. உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாரும் இருக்கிறார்களா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

---

வைப்பாறு_பட்டி | 5 டிசம்பர், காலை 7.02

தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். பட்டி கூட்டுவது அவள்தான். ஏன் அக்கா?

---

நுண்ணோக்கி | 5 டிசம்பர், காலை 7.10

இந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண் பட்டிக்குள் போகக் கூடாது. வீசிய குட்டி, கொடி, அழுக்குத் தண்ணீர் பட்ட உங்கள் துணியையும் அவள் துவைக்கக் கூடாது. ஆட்டில் வீச்சை உண்டாக்கும் கிருமிகளில் சில கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தானவை. கிளமிடியா, கியூ காய்ச்சல், டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா, புருசெல்லா என்று எதை எடுத்தாலும் சரி. அவளைப் பார்க்கும் டாக்டரிடம் ‘வீட்டில் ஆடுகள் வரிசையாகக் குட்டி வீசுகின்றன, நான் பட்டி கூட்டினேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் டாக்டராக ஊகிக்க முடியாது.

---

கரிசல்மண் | 5 டிசம்பர், காலை 11.30

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அப்பாவுக்கு மூன்று மாதம் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி வேர்வை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாது. டைபாய்டு என்று இரண்டு தடவை மருந்து கொடுத்தார்கள். ஒரு டாக்டர் ‘ஆடு மாடு உண்டா?’ என்று கேட்ட பிறகுதான் புருசெல்லா பார்த்தார்கள், இருந்தது. அதற்கு முந்தைய சித்திரையில் ஈன முடியாமல் நின்ற ஆட்டில் வெறுங்கையால் செத்த குட்டியை எடுத்துவிட்டவர் அவர். நாங்கள் அதையும் இதையும் சேர்த்து நினைக்கவே இல்லை.

---

வைப்பாறு_பட்டி | 5 டிசம்பர், இரவு 8.45

தம்பி மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாளை ஆஸ்பத்திரி போகிறார்கள்.

உங்கள் கேள்விகளுக்கு: கிடா சேர்த்தது ஜூலை 18. ஆகஸ்ட் முதல் வாரம் வரை விட்டிருந்தேன். வீசியதில் மூன்று இரண்டாம் ஈத்து, ஒன்று தலைச்சன். கழிச்சல், வாய்ப்புண் எதுவும் இல்லை. ஆட்டுக்கொல்லி ஊசி போன வருடம் போட்டது. தீவன அறையில் பூனை உண்டு, குட்டியும் போட்டிருக்கிறது.

அக்டோபர் 1-இல் சந்தையில் ஆறு சினை ஆடு வாங்கினேன். அதில் ஒன்று 9-ஆம் தேதி குட்டி வீசியது. வண்டியில் குலுங்கி வந்ததால் என்று நினைத்து அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரண்டு நவம்பர் தொடக்கத்தில் நல்லபடியாக ஈன்றன. மூன்று இன்னும் சினை.

---

நுண்ணோக்கி | 6 டிசம்பர், காலை 6.40

நான் தேடியது அந்த அக்டோபர் 9-ஐத்தான்.

முதலில் குடற்புழு மருந்தை முடித்துவிடுவோம். ஆல்பெண்டசோல் சினையின் முதல் மாதத்தில் ஆபத்து. அப்போது கொடுத்தால் கரு கரைந்து ஆடு மறுபடி பருவத்துக்கு வரும், அல்லது குட்டி ஊனமாகப் பிறக்கும். நீங்கள் ஊற்றிய அன்று ஆடுகளுக்கு ஆறு வாரத்துக்கு மேல் சினை. ஜூலை 18-இலிருந்து எண்ணினால் முதல் வீச்சு 127-ஆம் நாள், நான்காவது 138. ஆட்டின் சினை ஏறக்குறைய 150 நாள். செப்டம்பரில் ஊற்றிய மருந்து, மயிர் முளைத்து முழுதாக வளர்ந்த குட்டியை நவம்பரில் கொல்லாது. கிடா சேர்த்த தேதி உங்களிடம் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. இல்லாவிட்டால் ஊர் சொன்னதுதான் நின்றிருக்கும்.

இப்போது அக்டோபர் 9. அந்த ஆடு வீசிய கொடி எங்கே விழுந்தது? மற்ற ஆடுகள் மோந்து பார்த்திருக்கும், அந்த இடத்துத் தீவனத்தைத் தின்றிருக்கும். அங்கிருந்து 44-ஆம் நாள் உங்கள் சொந்த ஆட்டில் முதல் வீச்சு. வாங்கி வந்த ஆட்டோடு ஏதோ ஒன்று பட்டிக்குள் வந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. குலுங்கி வந்ததால் ஓர் ஆடு வீசலாம். ஒன்றரை மாதம் கழித்து வேறு நான்கு வீசாது.

நூறு சினை ஆட்டில் இரண்டு மூன்று வீசுவது எந்தப் பட்டியிலும் நடக்கும். ஐந்தைத் தாண்டினால் தேட வேண்டும். உங்களுக்குப் பதினைந்தில் நான்கு.

---

கிடாக்காரர் | 6 டிசம்பர், காலை 8.00

அம்மா சொல்வதும் புருசெல்லாவுக்குப் பொருந்துகிறதே? வாங்கி வந்த ஆடு, கடைசி மாத வீச்சு. நான் சொன்னது தப்பா?

---

நுண்ணோக்கி | 6 டிசம்பர், பகல் 1.20

தப்பு இல்லை, பாதிதான் சரி. புருசெல்லா கட்டாயம் சந்தேகப்பட வேண்டியது. ஆனால் கிளமிடியாவும் கடைசி மாதத்தில்தான் வரிசையாக வீச வைக்கும், கியூ காய்ச்சலும் அப்படியே. பூனை இருப்பதால் டாக்சோபிளாஸ்மாவையும் தள்ள முடியாது. வெளியில் நின்று பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எது என்று தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். டாக்சோபிளாஸ்மாவிலும் கிளமிடியாவிலும் வீசிய ஆடு பெரும்பாலும் அடுத்த ஈத்தில் ஒழுங்காக ஈனும், அதற்கு எதிர்ப்பு வந்துவிடும். அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளினால் பட்டியில் எதிர்ப்பு உள்ள ஆட்டை இழந்து, எதிர்ப்பு இல்லாத புது ஆட்டை வாங்கி வருகிறீர்கள். புருசெல்லா அப்படி அல்ல. அடுத்த ஈத்து நல்லபடி ஈன்றாலும் பாலிலும் ஈற்றுக் கழிவிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். அதைக் கழிக்கத்தான் வேண்டும். பேர் தெரியாமல் இரண்டில் எதைச் செய்வீர்கள்?

ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் புருசெல்லா இல்லை என்று வந்ததையும் முழுதாக நம்பாதீர்கள். வீசிய சமயத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் ஏறாமல் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆட்டில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

---

ஏடு_புரட்டி | 6 டிசம்பர், மாலை 5.50

பால் பற்றிச் சொன்னதால் இது நினைவுக்கு வந்தது. மால்டா தீவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு விடாத காய்ச்சல். 1887-இல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-இல்தான் தெமிஸ்டோகிளிஸ் சம்மித் என்ற மால்டாக்காரர் அது ஆட்டில் இருப்பதைக் காட்டினார். பார்க்க நல்ல ஆரோக்கியமான ஆடுகள், வீடு வீடாக ஓட்டிப் போய்ப் பால் கறந்து கொடுத்தவை. அடுத்த வருடம் படைக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் இறங்கிவிட்டது.

---

கரிசல்மண் | 6 டிசம்பர், மாலை 6.30

எங்கள் வீட்டில் கறந்த சூட்டோடு பால் குடிக்கும் பழக்கம் இருந்தது. இப்போது பொங்கக் காய்ச்சாமல் யாரும் தொடுவதில்லை.

---

நுண்ணோக்கி | 6 டிசம்பர், இரவு 9.15

இனி தம்பி கேட்டது. அடுத்த ஆடு எப்போது வேண்டுமானாலும் வீசலாம், இன்றே தயாராகுங்கள்.

லேப்புக்கு மிகவும் உதவுவது கொடிதான், அதற்கடுத்து குட்டி. ரத்தம் மூன்றாவது. நீங்கள் தலைகீழாகப் போனீர்கள், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். கொடியை நாயோ தாய் ஆடோ தின்பதற்குள் எடுக்க வேண்டும். அதனால் வயிறு இறங்கின ஆடுகளைத் தனியாகக் கட்டி, ராத்திரி ஒரு தடவை எழுந்து பாருங்கள்.

கையுறை, முகத்துக்குத் துணி அல்ல, முகக்கவசம், ரப்பர் காலணி. கெட்டியான பாலித்தீன் பைகள். ஒரு தெர்மாகோல் பெட்டி, உறைய வைத்த ஐஸ் பேக். அகல வாய் உள்ள இரண்டு பிளாஸ்டிக் குப்பியில் ஃபார்மலின், இதை உங்கள் கால்நடை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கும் கெட்டி ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்ததுதான் வேண்டும். குறுகிய வாய்க் குப்பி வேண்டாம். போடும்போது வளைந்து உள்ளே போகும் துண்டு, மறுநாள் விறைத்துக்கொண்டு வெளியே வராது. குப்பியை உடைத்து எடுத்திருக்கிறேன்.

கொடியைத் தரையில் விரித்துப் பாருங்கள். பொத்தான் பொத்தானாகத் தடிப்புகள் இருக்கும், நடுவே மெல்லிய சவ்வு. பொத்தானில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள், நடுச் சவ்வு நன்றாக இருந்தால் என் மனம் பூனைப் பக்கம் போகும். பொத்தானுக்கு நடுவிலுள்ள சவ்வே தோல் போலத் தடித்து, மேலே பழுப்பாகப் படிந்திருந்தால் கிளமிடியா, கியூ காய்ச்சல் பக்கம் போகும். கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது, ஆனால் பார்த்ததை எழுதி வையுங்கள், போனில் படமும் எடுங்கள்.

மூன்று நான்கு பொத்தானும் நடுச் சவ்வும் சேர்ந்து வரும்படி ஒரு பெரிய துண்டு ஐஸில் போக வேண்டும். அதே இடத்திலிருந்து விரல் அகலம்கூட இல்லாத, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டு ஃபார்மலினில். துண்டைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டதில் கிருமியை வளர்க்க முடியாது, ஐஸில் வந்ததில்தான் வளர்க்க முடியும். அதனால் இரண்டும் வேண்டும்.

குட்டியை நீங்கள் அறுக்க வேண்டாம், முழுதாக அனுப்புங்கள். குட்டியின் வயிற்றுக்குள் இருக்கும் நீரை ஊசியில் உறிஞ்சி எடுப்போம். அது வெளி அழுக்குப் படாதது, கிருமி வளர்ப்பதற்கு அதைப் போல வேறு எதுவும் கிடையாது.

---

கிடாக்காரர் | 6 டிசம்பர், இரவு 9.40

ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒரு வாரம் இருக்குமே? ஏன் ஓடணும்?

---

நுண்ணோக்கி | 7 டிசம்பர், காலை 6.05

உறைந்து இளகினால் திசு நைந்துபோகும், நுண்ணோக்கியில் வைத்தால் எது எங்கே என்று தெரியாது. குட்டியும் கூழாகிவிடும். ஐஸ் பேக்கின் குளிர்ச்சி போதும், ஒரு நாளுக்குள் லேப்பில் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் போகிற சூழ்நிலை வந்தால் மட்டும், கொடியில் ஒரு சிறு துண்டைத் தனியாக உறைய வைக்கலாம். பி.சி.ஆர். பரிசோதனைக்கு அது ஆகும். வீட்டுக்காரர்கள் சாப்பாடு வைக்கிற குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது.

---

ஊசிக்காரர்_மகன் | 7 டிசம்பர், மாலை 4.10

என் கதை வேறு. போன மாசியில் சினை ஆட்டுக்குக் காய்ச்சலும் வீக்கமும் இருந்தது என்று ஒருவர் வந்து ஊசி போட்டார். ஈன இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. மூன்றாம் நாள் குட்டி விழுந்துவிட்டது. ஊசி அட்டையைக் குப்பையில் தேடி எடுத்துப் படித்தால் டெக்சாமெத்தசோன். இதுவும் வீச்சுக் காரணம்தானே?

---

நுண்ணோக்கி | 7 டிசம்பர், மாலை 7.25

ஆமாம். கடைசி நாட்களில் அந்த ஸ்டீராய்டு ஈற்றையே தூண்டிவிடும். பருவத்துக்குக் கொண்டு வரப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி எந்த மாதச் சினையையும் கலைக்கும். இதில் ஓர் அடையாளம் உண்டு. ஊசி போட்ட ஆடு மட்டும் வீசும், கொடி சுத்தமாக இருக்கும். அட்டையைத் தேடி எடுத்தீர்களே, அதுதான் செய்ய வேண்டியது. லேப்புக்கு எழுதும் தாளில் ‘ஏதோ ஊசி’ என்று எழுதுகிறார்கள். பேரும் தேதியும் இல்லாத ஊசி எங்களுக்கு உதவாது.

---

வைப்பாறு_பட்டி | 9 டிசம்பர், காலை 8.30

இன்று விடியற்காலை நாலரை மணி. ஐந்தாவது. சந்தை ஆட்டையும் சேர்த்தால் ஆறாவது.

கத்தல் கேட்டு டார்ச்சோடு போனேன். ஒரு குட்டி செத்து விழுந்திருந்தது. இன்னொன்று உயிரோடு, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. சீம்பால் சொட்டு விட்டேன், விழுங்கவில்லை, ஆறரைக்குப் போய்விட்டது. கொடி ஐந்தே முக்காலுக்கு விழுந்தது. நாய் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது, தம்பி கம்போடு நின்றான்.

பழைய யூரியாச் சாக்கைக் கழுவி, அதன்மேல் கொடியை விரித்தேன். பொத்தான் சில இடத்தில் கறுஞ்சிவப்பு, சில இடத்தில் வெளிறிய செங்கல் நிறம். நடுச் சவ்வு அக்கா சொன்னபடியே இருக்கிறது. விரலால் பிடித்தால் ஈரத் தோல் செருப்பைப் பிடித்த மாதிரி தடிப்பு, மேலே பழுப்பு நிறத்தில் கூழ். பாதிக் கொடியில்தான் அப்படி, மறுபாதி கண்ணாடி போல மெல்லிசாக இருக்கிறது. எந்தப் பாதியில் வெட்ட வேண்டும்?

---

நுண்ணோக்கி | 9 டிசம்பர், காலை 8.41

கெட்டதும் நல்லதும் சேருகிற எல்லையில். இரண்டும் ஒரே துண்டில் வர வேண்டும். சாணம் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், பினாயிலோ டெட்டாலோ படவே கூடாது.

மருத்துவர் வந்ததும் ஆட்டின் பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதாக இருந்தால் எல்லா மாதிரியும் எடுத்த பிறகு போடட்டும்.

---

வைப்பாறு_பட்டி | 10 டிசம்பர், இரவு 9.00

கொடுத்துவிட்டேன். நேற்று நான் செய்த இரண்டு தப்பையும் எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும். ஐஸ் பேக் உறையவில்லை என்று மீன் கடையில் ஐஸ் உடைத்து வாங்கிப் போட்டேன். வழியில் உருகி, ஒற்றைப் பையாக இருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்கப் பார்த்தது. இரண்டு பை போட்டு, ஐஸையும் தனிப் பையில் கட்ட வேண்டும். இன்னொன்று, ஃபார்மலின் குப்பிக்குள் பேனாவால் எழுதிய சீட்டைப் போட்டேன், லேப் போவதற்குள் மை கரைந்து வெள்ளைத் தாள் ஆகிவிட்டது. அங்கிருந்த பையன் பென்சிலால் எழுதிப் போடச் சொன்னான்.

மருத்துவர் இன்று வந்து 12 ஆட்டில் ரத்தம் எடுத்தார். வீசிய ஆறும் வீசாத ஆறும். வீசாததில் ஏன் என்று கேட்டேன். ‘எல்லா ஆட்டிலும் இருப்பதும் வீசியதில் மட்டும் இருப்பதும் வேறு வேறு’ என்றார். ரத்தத்தை ஆட்டாமல் குப்பியைச் சாய்த்து வைத்து, உறைந்த பிறகு மேலே தெளிந்த சீரத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார். நாளை சினை ஆடுகள் 13-க்கும் டெட்ராசைக்ளின் நீண்ட நேரம் நிற்கிற ஊசி போடுவதாகச் சொன்னார்.

கூடவே ஒரு தாள் கேட்டார்கள். ஆடு எண், எத்தனையாம் ஈத்து, கிடா சேர்த்த நாள், வீசிய நாள், எங்கே வாங்கியது, என்ன மருந்து எந்தத் தேதியில், மொத்தச் சினையில் எத்தனை வீசியது, உயிரோடு பிறந்து செத்தது எத்தனை. இந்த இழையைப் பார்த்தே எழுதி முடித்தேன்.

---

கரிசல்மண் | 10 டிசம்பர், இரவு 9.35

மிச்சக் கொடியையும் சாக்கையும் என்ன செய்தீர்கள்?

---

வைப்பாறு_பட்டி | 10 டிசம்பர், இரவு 9.50

இடுப்பளவு குழி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே முள் அடைத்திருக்கிறேன். வீசிய இடத்து மண்ணையும் சுரண்டிப் போட்டாயிற்று.

---

வைப்பாறு_பட்டி | 22 டிசம்பர், மாலை 6.20

முடிவு வந்தது. கொடியில் எடுத்த பூச்சில் கிளமிடியா போன்ற சிறு உருண்டைகள், பி.சி.ஆர். பரிசோதனையில் கிளமிடியா உறுதி. கொடியிலும் குட்டியிலும் புருசெல்லா இல்லை, டாக்சோபிளாஸ்மாவும் இல்லை. குட்டி வயிற்று நீரில் எதுவும் வளரவில்லை.

ஆனால் சீரத்தில் ஒரு சிக்கல். புருசெல்லாவுக்கான ரோஸ் பெங்கால் பரிசோதனையில் 12-இல் 11 சுத்தம், ஒன்று பாசிட்டிவ். அது வீசிய ஆடே இல்லை. சந்தையில் வாங்கி நவம்பரில் நல்லபடியாக ஈன்றதே, அதில் ஒன்று. இரண்டு குட்டியும் துள்ளிக்கொண்டு திரிகிறது.

தம்பி மனைவி நன்றாக இருக்கிறாள். டாக்டர் விவரம் எழுதிக்கொண்டு, ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

---

கிடாக்காரர் | 22 டிசம்பர், மாலை 6.45

பார்த்தீர்களா, புருசெல்லா இருக்கிறது. மாட்டுக் கன்றுக்குப் போடுகிற வீச்சு நோய் ஊசியை எல்லா ஆட்டுக்கும் போட்டுவிடுங்கள்.

---

நுண்ணோக்கி | 22 டிசம்பர், இரவு 8.10

வேண்டாம். அது நான்கிலிருந்து எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கானது, சினை ஆட்டுக்கு அல்ல. போட்ட பிறகு ரத்தப் பரிசோதனையும் குழம்பிவிடும்.

கிடாக்காரரே, வீச்சுக்குக் காரணம் கிளமிடியா என்று கொடியே சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் முதல் நாள் சொன்ன சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. அந்த ஓர் ஆடு உண்மையிலேயே புருசெல்லா சுமக்கலாம். வேறு கிருமிக்கு வந்த எதிர்ப்பொருள் ரோஸ் பெங்காலில் தவறாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஒரு துளிச் சோதனையில் இதற்குமேல் தெரியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து, எலைசா என்கிற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தனியாகக் கட்டுங்கள், பாலைத் தொடாதீர்கள், சந்தைக்கு ஓட்டாதீர்கள். இன்னொருவர் பட்டிக்குப் போய்விடும்.

வீசிய ஆறையும் இப்போதைக்குக் கழிக்க வேண்டாம். கியூ காய்ச்சல் பார்க்கப்படவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே இருந்த பட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

கிடாக்காரர் | 23 டிசம்பர், காலை 7.30

வீசிய ஆட்டை வைத்துக்கொள்வது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒன்று, நான் கழித்த ஆடுகளில் எதற்கும் பேர் பார்த்ததில்லை. பங்குனி ஈத்துக்கு என்னிடம் ஃபார்மலின் குப்பி இருக்கும்.

---

வைப்பாறு_பட்டி | 11 ஜனவரி, இரவு 9.20

மீதி 13-இல் 10 நல்லபடி ஈன்றன. இரண்டு ஆட்டில் குட்டி சோனியாகப் பிறந்தது, அதில் ஒரு குட்டி பிழைத்துக்கொண்டது. ஒன்று வீசியது, ஊசி போட்ட நான்காம் நாள். ஊசி உதவியதா, இல்லை அவ்வளவுதான் வர இருந்ததா என்று மருத்துவரைக் கேட்டேன். ஊசி போடாமல் விட்ட ஆடு ஒன்றுகூட இல்லாததால் சொல்ல முடியாது என்றார்.

அந்தச் சந்தை ஆட்டில் ஜனவரி 2-இல் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரோஸ் பெங்கால் மறுபடியும் பாசிட்டிவ். எலைசா முடிவு இன்னும் வரவில்லை. புளிய மரத்தடியில் தனியாகக் கட்டியிருக்கிறேன். அதன் இரண்டு குட்டியும் அந்தப் பாலைத்தான் இரண்டு மாதம் குடித்தன. அக்கா, எலைசாவிலும் பாசிட்டிவ் வந்தால் குட்டிகளை என்ன செய்வது? இரண்டும் பெட்டை.

---

நுண்ணோக்கி | 12 ஜனவரி, காலை 6.10

குட்டிகளைத் தாயோடும் விடாதீர்கள், மந்தையோடும் விடாதீர்கள், தனியாக வையுங்கள். குட்டியாக இருக்கும்போது ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தாலும் அது தாயின் சீம்பாலிலிருந்து வந்ததாக இருக்கலாம். நெகட்டிவ் வந்தாலும் உள்ளே ஒளிந்திருந்து, அது முதல் ஈத்து ஈனும்போது வெளிப்படலாம். எலைசா வரட்டும், அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.